அரை நிமிடத்தில் தலைகள் குனிந்துவிட்டால்: திங்கட்கிழமைக் கூட்டத்தின் தொடக்கத்தைச் சரிசெய்வது

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கு. திங்கட்கிழமை காலை 8.15. லாரியில் சரக்கு ஏற்றும் லோடிங் பே பக்கத்தில் வெள்ளைப் பலகையைச் சுற்றி ஒன்பது பேர் நிற்போம். பெரும்பாலும் தமிழர்கள். மூவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், மற்றவர்கள் திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கையில் பொட்டலத்தில் கட்டிய கோப்பி, இன்னொரு கையில் போன். ஏழு ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தை நடத்துகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் நான் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை என்பது எனக்குத் தெரியாது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

இது பெரிய மேடைப் பேச்சைப் பற்றியது அல்ல. வாராவாரம் அதே ஆட்கள், அதே இடம், ஏறக்குறைய அதே விஷயங்கள். அந்தக் கூட்டத்தின் முதல் முப்பது வினாடியை எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு. எழுதுவது என்றுதான் சொல்கிறேன். வாய்க்கு வந்ததைப் பேசினால் முதல் முப்பது வினாடியும் "எல்லாரும் வந்தாச்சா"விலேயே கரைந்துவிடும்.

முதலில் ஓர் அளவு. போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, உங்கள் வழக்கமான வேகத்தில் 100 சொற்களை வாசித்துப் பாருங்கள். எனக்குத் தமிழில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் சொல்வதை "வந்துட்டிருந்தாங்களாம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆகவே ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் சொல்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முப்பது வினாடிக்கு 50 சொல் உச்சம். இடைவெளி விட்டுப் பேச வேண்டுமென்றால் 40. உங்கள் தாளில் 80 சொல் இருந்தால், மற்றக் கோளாறுகளைத் தேடும் முன் அதைப் பாதியாக்குங்கள்.

அறிகுறி: இரண்டாவது வாக்கியத்திலேயே போனைப் பார்க்கிறார்கள்

மிகப் பரவலான கோளாறு இது. அதனால் இதில்தான் அதிகம் நிற்கப்போகிறேன். அப்போது நான் எழுதி வைத்திருந்த தொடக்கம் இது:

"அனைவருக்கும் காலை வணக்கம். கடந்த வாரச் செயல்பாடுகளை இன்றைய கூட்டத்தில் பார்க்கவிருக்கிறோம். முதலில் சரக்கு ஏற்றும் பகுதியில் ஏற்பட்ட தாமதங்கள், அடுத்து விடுப்புப் பட்டியல், இறுதியாகப் பாதுகாப்பு அறிவிப்புகள்."

தப்பு எதுவும் இல்லை. கேட்பவருக்குத் தெரியாத சேதியும் எதுவும் இல்லை. திங்கட்கிழமை கூட்டம் என்பது தெரியும். தாமதம், விடுப்பு, பாதுகாப்பு என்று வரும் என்பதும் தெரியும், போன வாரமும் அதுதான். அந்த மூன்று வாக்கியங்களையும் சென்ற ஆண்டின் எந்தத் திங்கட்கிழமைக்கும் எடுத்துப் பொருத்தலாம். சோதனையும் அதேதான்: உங்கள் தொடக்கத்தை எடுத்து நான்கு வாரம் முந்தைய கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது தொடக்கம் இல்லை, அட்டை. அட்டையை யாரும் வாசிப்பதில்லை.

சரிசெய்ய, கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: போன திங்களுக்கும் இந்தத் திங்களுக்கும் நடுவில் எது மாறியது, அதனால் இந்த வாரம் இவர்களில் யார் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும்? இரண்டு பாதியும் வேண்டும். மாறியது மட்டும் இருந்தால் அது சேதி, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செய்ய வேண்டியது மட்டும் இருந்தால் அது உத்தரவு, முகம் இறுகிவிடும்.

ஒரு வாரத்துக் கதையை முழுதாகச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு மூன்றாம் பேயில் (பேய் இல்லை, பே, இந்தச் சிரிப்பை எங்கள் ஆட்கள் சிரித்து முடித்தாயிற்று) ஒரு லாரி ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. சாமான் பேலட் பலகையில் கட்டித் தயாராக இருந்தது. ஃபோர்க்லிஃப்டும் ஓட்டுநரும் சும்மாதான் இருந்தார்கள். டிஓ என்கிற டெலிவரி ஆர்டரில் ஒரு கையெழுத்து விழவில்லை. வழக்கமாகக் கையெழுத்திடும் அக்கா ஆறு மணிக்கு வேலை முடிந்து கிளம்பிவிட்டார். இரவு முறைக்கு வந்த தம்பிக்குத் தானே போடலாம் என்பது தெரியாது. போட்டால் வம்பு வருமோ என்று காத்திருந்தார். அடுத்த வெள்ளியும் அதே நேரத்துக்கு இரண்டு லாரிகள் வருவதாக இருந்தது.

மாறியது: ஆறு மணிக்கு மேல் லாரி வரத் தொடங்கியிருக்கிறது. செய்ய வேண்டியது: ஆறுக்கு மேல் யார் கையெழுத்திடுவது என்று முடிவெடுப்பது. இவ்வளவுதான் கச்சாப் பொருள். இதை வைத்து நான் எழுதிய முதல் வடிவமும் தோற்றது. எப்படித் தோற்றது என்பது அடுத்த இரண்டு அறிகுறிகளில்.

அறிகுறி: விஷயம் சூடானது, ஆனாலும் காதில் ஏறவில்லை

முதல் வடிவம் இப்படி இருந்தது: "கடந்த வெள்ளிக்கிழமை இரவு மூன்றாம் பேயில் ஆவணத்தில் உரிய கையெழுத்து பெறப்படாததன் காரணமாக வாடிக்கையாளரின் லாரி ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது குறித்து முதலில் பேசவேண்டியுள்ளது."

தாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. வாயில் வைத்தால் வழக்கு மன்றத் தீர்ப்பு. கோளாறு இரண்டு இடத்தில்.

ஒன்று, வினை கடைசியில் வருகிறது. தமிழின் இயல்பே அதுதான். வாசிப்பவர் கண்ணைப் பின்னால் ஓட்டிக்கொள்ளலாம். கேட்பவரால் முடியாது. "வெள்ளிக்கிழமை", "மூன்றாம் பே", "கையெழுத்து", "காரணமாக", "லாரி" என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, இவற்றுக்கெல்லாம் என்ன ஆனது என்று இருபதாவது சொல் வரை காத்திருக்க வேண்டும். நின்றபடி கோப்பி குடிக்கும் மனிதர் அத்தனையையும் சுமக்க மாட்டார், எட்டாவது சொல்லில் கீழே போட்டுவிடுவார். ஆகவே முதல் வாக்கியத்தின் வினை ஏழெட்டுச் சொல்லுக்குள் வந்துவிட வேண்டும்.

அதற்கு நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. வீட்டில் நாம் எப்படிச் சொல்கிறோம்? "வந்துட்டான், உன் தம்பி." "நின்னுச்சு, ஒரு மணி நேரம்." வினையை முன்னால் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் தொங்கவிடுகிறோம். எழுத்தில் இதைத் திருத்துவார்கள். பேசுவதற்காக எழுதும்போது திருத்தாதீர்கள். "வெள்ளிக்கிழமை ராத்திரி மூணாம் பேயில ஒரு லாரி நின்னுச்சு. ஒன்னே முக்கால் மணி நேரம்." முதல் வாக்கியம் ஏழு சொல், வினை வந்துவிட்டது, லாரி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. அளவு அதன் பின் தனியாக வந்து விழுகிறது. எல்லாரையும் நிமிர வைத்தது அந்த நான்கு சொல்தான்.

இரண்டாவது கோளாறு, எழுத்துத் தமிழ். பேனா பிடித்தவுடன் நம் கை "பெறப்படாததன் காரணமாக" என்று போய்விடுகிறது. பள்ளிப் பழக்கம். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன் படித்தவன் நான். எனக்குத் தாளில் "நின்னுச்சு" என்று எழுதவே கூச்சமாக இருந்தது. "நின்றது" என்று எழுதிவிட்டு, பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாறாது. தாளில் உள்ளதுதான் வாயில் வரும், இல்லையென்றால் மொழிபெயர்த்துக்கொண்டே திணறுவீர்கள். வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதுங்கள். அந்தத் தாளை யாருக்கும் காட்டப்போவதில்லை.

எழுதத் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். போனை எடுத்து, வீட்டில் இருப்பவரிடம் "வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு தெரியுமா" என்று சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்டுத் தாளில் இறக்குங்கள். என் மனைவியிடம் சொன்ன வடிவம் நான் மேசையில் உட்கார்ந்து எழுதியதைவிட எப்போதும் நன்றாக இருந்திருக்கிறது. அவருக்கு லாரி பற்றி ஒரு அக்கறையும் இல்லை, அதனாலேயே சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

டிஓ, பே, ஃபோர்க்லிஃப்ட் போன்ற சொற்களைத் தமிழாக்க வேண்டாம். "சரக்கு ஒப்படைப்பு ஆணை" என்றால் என் ஆட்கள் ஒரு நொடி அது என்னவென்று யோசிப்பார்கள். அந்த நொடியில் அடுத்த வாக்கியம் போய்விடும். லாரியா லோரியா என்பதும் உங்கள் கவலை இல்லை. இங்கே பிறந்தவர் லோரி என்பார், திருவாரூர்க்காரர் லாரி என்பார், இருவருக்கும் புரியும்.

அறிகுறி: எல்லாரும் நிமிர்ந்தார்கள், ஒருவர் முகம் மட்டும் சுருங்கியது

வாக்கியத்தைச் சுருக்கிய இரண்டாவது வடிவத்தில் இப்படிச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை டிஓல கையெழுத்துப் போடாம லாரியை நிறுத்தி வெச்சுட்டாங்க." கவனம் கிடைத்தது. எல்லார் கண்ணும் அந்த அக்காவிடம் போனது. அவர் அடுத்த ஐந்து நிமிடம், ஆறு மணிக்குக் கிளம்பியது முறைதான் என்று விளக்கினார். நியாயமும் அவர் பக்கம்தான். யார் கையெழுத்திடுவது என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. அக்கா மறுநாள் வரை என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை.

காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. "நிறுத்துவது" என்றால் நிறுத்திய ஆள் ஒருவர் வேண்டும். "நிற்பது" என்றால் வேண்டாம். நிறுத்தியதாகச் சொன்னால் கேட்பவர் மனம் உடனே "யார் நிறுத்தினது?" என்று தேடும், நாம் பெயர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடும். தமிழில் இந்த இரட்டை நிறைய இருக்கிறது: உடைந்தது, உடைத்தார்; தவறியது, தவறவிட்டார்; தேங்கியது, தேக்கினார். தொடக்க வாக்கியத்தில் தன்வினை இருக்கட்டும்; பொருளை எழுவாயாக வையுங்கள். லாரி நின்னுச்சு. கையெழுத்து இல்ல. உண்மை ஒன்றும் குறையவில்லை. தேடல் மட்டும் ஆளை விட்டு முறையின் பக்கம் திரும்புகிறது.

இது எப்போதும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் உள்ள இடத்தில் கையெழுத்து என்றாலே அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் எட்டு மணிக்கே அவரிடம் போய், "அக்கா, வெள்ளிக்கிழமை லாரி நின்னத வச்சுத்தான் ஆரம்பிக்கப் போறேன். ஆறுக்கு மேல யாருன்னு முடிவு பண்ணணும், அதுக்குத்தான்" என்று சொல்லிவிடுவேன். அரை நிமிட வேலை. இப்படிச் சொன்ன ஒரு முறை அவரே, "ராத்திரி தம்பிக்கு என் ஸ்டாம்ப் எங்க இருக்குன்னே தெரியாது, அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார். வெளியே யாருக்கும் தெரியாத காரணம் அது.

கடைசியில் நின்ற வடிவம் இது:

"வெள்ளிக்கிழமை ராத்திரி மூணாம் பேயில ஒரு லாரி நின்னுச்சு. ஒன்னே முக்கால் மணி நேரம். சாமான் ரெடி. ஃபோர்க்லிஃப்ட் ரெடி. ஆளும் இருந்தாங்க. டிஓல ஒரு கையெழுத்து மட்டும் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு ரெண்டு லாரி வருது. ஆறு மணிக்கு மேல யாரு கையெழுத்துப் போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிடலாம்."

38 சொல். அவசரப்படாமல் சொன்னால் முப்பது வினாடிக்குள் முடிந்துவிடும். வணக்கம் இல்லை, அதைக் கோப்பி வாங்கும்போதே சொல்லியாயிற்று.

அறிகுறி: "ஒரு கேள்வி கேட்கிறேன்" என்றால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்

விடுகதை போட்டுத் தொடங்கச் சொல்லி எங்கேயோ கேட்டுவிட்டு நானும் முயன்றேன். "போன வாரம் நமக்கு அதிக நஷ்டம் எதுல வந்திருக்கும் சொல்லுங்க?" யாரும் வாய் திறக்கவில்லை. ஆர்வம் எப்படி எழுகிறது என்பது பற்றி பொருளியலாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் 1994-இல் எழுதிய கட்டுரையின் கருத்து இங்கே உதவும்: தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும்போதுதான் ஆர்வம் வருகிறது. ஒன்றுமே தெரியாத இடத்தில் இடைவெளியும் தெரியாது. என் ஆட்களுக்கு நஷ்டக் கணக்கு ஒன்றும் தெரியாது; எதை வைத்து யூகிப்பார்கள்? மேலே உள்ள வடிவத்தில் சாமான், ஃபோர்க்லிஃப்ட், ஆள் மூன்றும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. மூன்றும் ரெடி என்று சொன்னதும் "அப்புறம் ஏன்?" என்ற கேள்வி அவர்கள் வாயிலேயே வந்துவிடுகிறது. நான் கேட்கத் தேவையில்லை. பதிலையும் மறைக்கவில்லை, உடனே சொல்லிவிடுகிறேன். வாரக் கூட்டத்தில் மர்மக் கதை நடத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அறிகுறி: பெயர் சொன்னால் அவர் மட்டும் நிமிர்கிறார்

பெயருக்கு இழுக்கும் சக்தி உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. 1959-இல் உளவியலாளர் நெவில் மோரே செய்த சோதனையில், ஒரு காதில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் மறு காதில் தங்கள் பெயர் வந்ததைக் கவனித்தார்கள். போனில் மூழ்கியவரும் அப்படித்தான். மற்ற எட்டுப் பேருக்கோ "நமக்கில்லை" என்று விடுமுறை கிடைத்துவிடுகிறது. பெயரைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள், முடிவெடுக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தாமதமாக வருபவருக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது

துவாஸ் பக்கம் பேருந்து பிடித்து வருகிறவர்கள் இரண்டு மூன்று நிமிடம் முன்பின் ஆவார்கள். காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவர் போனை எடுத்துவிடுவார்; எடுத்த போனைத் திரும்ப உள்ளே வைக்கச் செய்வது கடினம். நான் 8.15-க்குத் தொடங்கிவிடுவேன். ஆனால் 8.10-க்கே பலகையில் பெரிதாக ஒன்றை மட்டும் எழுதிவைப்பேன்: 1:45. வேறு சொல் இல்லை. முன்னால் வந்தவர்கள் "அது என்னண்ணே, மணியா?" என்று கேட்பார்கள், "இருங்க" என்பேன். பின்னால் வந்தவர் அதைப் பார்த்துப் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வார். நான் நிறுத்த வேண்டியதில்லை. தமிழ் தெரியாத இருவர் எங்கள் இரவு முறையில் இருந்த காலத்தில் இதே எண்ணும் பக்கத்தில் ஒரு வரி ஆங்கிலமும் போதுமானதாக இருந்தது. முழுத் தொடக்கத்தையும் இரண்டு மொழியில் சொல்லப்போனால் இரண்டு பக்கமும் பாதி நேரம் சும்மா நிற்கும்.

அறிகுறி: முதல் நிமிடம் நன்றாக இருந்தது, மூன்றாம் நிமிடம் எல்லாம் போச்சு

தொடக்கத்தில் கோளாறு தேடாதீர்கள், வரிசையைப் பாருங்கள். லாரியைச் சொல்லிவிட்டு, "சரி, அதைக் கடைசியில் பேசலாம், முதலில் விடுப்புப் பட்டியல்" என்று போயிருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன், மேலாளர் அனுப்பும் பட்டியலின் வரிசை அப்படி. தொடக்கத்தில் எதைச் சொன்னீர்களோ அதுவே முதல் விஷயம். வரிசையை மாற்ற அனுமதி இல்லையென்றால், பட்டியலில் முதலில் இருப்பதைப் பற்றித் தொடக்கத்தை எழுதுங்கள். சுவாரசியம் குறைவுதான், பரவாயில்லை.

அறிகுறி: "இன்னிக்கு என்ன கதைண்ணே?"

இந்தக் கேள்வி வந்தால் மகிழ வேண்டாம். தொடர்ந்து ஏழெட்டு வாரம் ஒரே வார்ப்பில் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு சம்பவம், ஒரு எண், ஒரு முடிவு என்ற அச்சு வெளியே தெரிந்துவிட்டது. எனக்கு இது நடந்தபோது இன்னும் பெரிய சம்பவங்களைத் தேடத் தொடங்கினேன். பத்து நிமிடத் தாமதத்தையெல்லாம் ஊதிப் பெருக்கினேன். அந்த வாரத்தில் லாரி உண்மையிலேயே நின்றபோது யாரும் பதறவில்லை.

எதுவும் மாறாத வாரங்கள் இருக்கும். ஆண்டில் பாதி அப்படித்தான். அப்போது சொல்ல வேண்டியது: "இந்த வாரம் புதுசா ஒன்னும் இல்ல. லீவுப் பட்டியல் மட்டும் பார்க்கணும். தீபாவளி வாரத்துக்கு நாலு பேர் கேட்டிருக்கீங்க, ரெண்டு பேர்தான் போக முடியும். பத்து நிமிஷம்." இதைச் சொன்ன அன்று ஒருவர் கையில்கூடப் போன் இல்லை. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சரியானதா என்று எப்படித் தெரியும்

தலையாட்டலை நம்பாதீர்கள். நம் ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நான் பேசி முடித்தபின் முதலில் வாய் திறப்பவர் என்ன சொல்கிறார். "அண்ணே, ஓவர்டைம் எப்ப போடுவாங்க?" என்றால் தொடக்கம் தோற்றது. "ராத்திரி ஆளு போட்டா ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்றால் வேலை செய்திருக்கிறது. லாரி வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது காத்திருந்த அதே இரவுத் தம்பிதான். ஒத்துக்குவாங்க என்று அக்கா சொன்னார். ஸ்டாம்ப் இப்போது மூன்றாம் பே மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.